வயது தெரியாத குழந்தைக்கு இரவில் கதை சொல்லும்போது

கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கப் பாய் விரித்திருந்தது. உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் மகளை என் பக்கத்தில் படுக்கவைத்து, "கதை கேட்டால்தான் தூங்குவாள் அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தைக்கு என்ன வயது, எவ்வளவு நேரம் கேட்பாள், தமிழ் எந்த அளவுக்குப் புரியும், எதுவும் எனக்குத் தெரியாது.

நீதியை முதலில் தேர்ந்தெடுத்ததுதான் நான் செய்த பெரிய தவறு. பொய் சொல்லக் கூடாது என்பதற்காக ஒரு பொய்க்காரச் சிறுவனைக் கொண்டுவந்தேன். பாதிக் கதையில், "நான் பொய் சொன்னேனா?" என்று அழுதுவிட்டாள். பகலில் அவளுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் சொல்லும் நீதி, அவளைத் திட்டுவதாகவே போய்ச் சேரும். ஒரு சின்ன உயிர், அதற்கு ஒரு சின்ன ஆசை, அவ்வளவு போதும்.

கடைசியில்தான் அவிழும் முடிச்சைப் போடுவது அடுத்த தவறு. நடுவில் தூக்கம் வந்தாலும் குழந்தை பயத்தோடு விழித்திருக்கும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய கதைதான் வேண்டும். அதற்கு நம் ஊர்த் தண்ணீரே வழிகாட்டும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு குட்டித் தவளை பூவரசு இலையில் ஏறிப் பாட்டியின் வயலுக்குப் புறப்படுகிறது. கல்லணையில் வெண்ணாற்றுப் பக்கம் திரும்புகிறது. பிறகு வாய்க்கால், அதன் பிறகு வயலுக்குள் போகும் சின்னக் கன்னி வாய்க்கால். ஒவ்வொரு மதகிலும் ஒருவர் கேட்கிறார்: "எங்கே போகிறாய்?" "பாட்டி வயலுக்கு!"

இரண்டு மதகு தாண்டினால் குழந்தையின் வயது பிடிபட்டுவிடும். மூன்று வயதுக் குழந்தை அந்தப் பதிலை நம்மோடு சேர்ந்து சொல்லும். அதற்கு நாரையும் வாத்தும் ஒரே கேள்வியைக் கேட்டால் போதும். எட்டு வயதுக் குழந்தைக்கு அது சலித்துவிடும். "மதகு மூடியிருந்தால்?" என்று கேட்கும். உடனே அடுத்த மதகை மூடிவிடுங்கள். தவளை எப்படித் தாண்டும் என்று அதுவே சொல்லட்டும்.

மதகு என்றால் என்னவென்று நடுவில் பாடம் எடுக்க வேண்டாம். "பலகையைத் தூக்கினார்கள், தண்ணீர் குபுகுபுவென்று வந்தது" என்றால் வெளியூரில் வளர்ந்த பிள்ளைக்கும் புரியும். "புரிகிறதா?" என்று கேட்பதிலும் பயனில்லை, எல்லாக் குழந்தைகளும் தலையாட்டும். "எங்கே போகிறாய்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். பதில் வராமல் உங்கள் முகத்தையே பார்த்தால் வாக்கியத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல்.

ஆற்றில் குரல் வேகமாக ஓடலாம், கன்னி வாய்க்காலில் மெல்ல நகர வேண்டும். பலர் கடைசியில் குரலை உயர்த்தித் தூக்கத்தைக் கலைத்துவிடுகிறார்கள். மூச்சு சீரானதும், தவளை எந்த மதகில் இருந்தாலும் அங்கேயே விட்டுவிடுங்கள். "கதையில் என்ன தெரிந்துகொண்டாய்?" என்று எழுப்பிக் கேட்காதீர்கள்.