வெஞ்சுரி மீட்டர்: தொண்டை விட்டமும் குணகத் திருத்தமும்

80 மி.மீ. பம்ப் குழாயில் நொடிக்கு 10 லிட்டர் வரை ஓடும் தண்ணீரை வெஞ்சுரி மீட்டரால் அளக்க வேண்டும். குழாயை நடுவே தொண்டைபோல ஒடுக்கி, அங்கே குறையும் அழுத்தத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடுவதுதான் வெஞ்சுரி. கையில் இருப்பது 0–25 கிலோபாஸ்கல் வேறுபாட்டு அழுத்த டிரான்ஸ்மிட்டர். முதலில் குழாயின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்துவிடுங்கள். ‘80’ என்பது பெயரளவுதான். இங்கே 78 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

```
k    = Q / (C * A1 * sqrt(2*dp/rho))
beta = (k^2 / (1 + k^2))^0.25
d    = beta * D
```

Q ஓட்டம், நொடிக்கு 0.01 கன மீட்டர். dp டிரான்ஸ்மிட்டரின் உச்ச அழுத்த வேறுபாடு, 25000 பாஸ்கல். rho நீரின் அடர்த்தி, 1000. A1 குழாயின் உள் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மீட்டரில். D குழாயின் உள்விட்டம், d தொண்டை விட்டம், beta இரண்டின் விகிதம். C உண்மை ஓட்டத்தோடு சூத்திரத்தை ஒத்துப்போகச் செய்யும் குணகம். கடைசல் பிடித்த வெஞ்சுரிக்கு C = 0.995 போட்டால் k = 0.2974, beta = 0.534, தொண்டை விட்டம் 41.65 மி.மீ. அதை 42 ஆக்கிக் கடையச் சொல்லுங்கள். முழு ஓட்டத்தில் 24.1 கிலோபாஸ்கல் வரும், டிரான்ஸ்மிட்டரின் எல்லைக்குள் நிற்கும். கடைந்து வந்ததும் தொண்டையை மறுபடி அளந்து, அந்த அளவையே கணக்கில் போடுங்கள். 0.1 மி.மீ. பிசகினால் ஓட்டம் அரை சதவீதம் தவறும்.

```
Q = C * A2 * sqrt(2*dp/rho) / sqrt(1 - beta^4)
```

A2 தொண்டையின் குறுக்குவெட்டுப் பரப்பு. பலரும் சறுக்குவது C-யில்தான். ஐஎஸ்ஓ 5167-4 தரும் 0.995, ரெனால்ட்ஸ் எண் 2 லட்சம் முதல் 10 லட்சம் வரைதான் செல்லும். நம் குழாயில் 30 டிகிரித் தண்ணீர் முழு வேகத்தில் ஓடினாலே அந்த எண் 2.04 லட்சம்தான். ஓட்டம் பாதியானால் எல்லைக்கு வெளியே போய்விடும், C-யும் குறையும்.

ஆகவே தொட்டி வைத்து C-யைக் கண்டுபிடியுங்கள். உதாரணமாக 6.0 கிலோபாஸ்கலில் 500 லிட்டர் நிரம்ப 102.5 நொடி ஆனால், உண்மை ஓட்டம் நொடிக்கு 4.878 லிட்டர். C = 1 போட்டால் சூத்திரம் 5.015 தரும். இரண்டையும் வகுத்தால் C = 0.973. இங்கே 0.995-ஐயே பிடித்துக்கொண்டிருந்தால் மீட்டர் 2.3 சதவீதம் கூட்டிக் காட்டியிருக்கும். சிறிய வாளி வேண்டாம். ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் வரும் 0.3 நொடிப் பிழையே 20 நொடிச் சோதனையில் ஒன்றரை சதவீதமாகிவிடும்.

நாலைந்து ஓட்டங்களில் இப்படி எடுத்து அட்டவணை போடுங்கள். அளக்கும்போது C = 0.98 என்று தொடங்கி Q காணுங்கள், அந்த Q-வுக்கு உரிய C-யை அட்டவணையில் எடுத்து மறுபடி கணக்கிடுங்கள். இரண்டாம் சுற்றிலேயே விடை நின்றுவிடும்.

C ஒன்றுக்கு மேல் வந்தால் `sqrt(1 - beta^4)` விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கே அது 0.957. விட்டால் C 1.016 ஆகிவிடும்.

ஓட்டத்தை நிறுத்தியும் டிரான்ஸ்மிட்டர் பூஜ்யத்துக்கு வரவில்லையென்றால், அதற்குப் போகும் டியூபில் காற்று சிக்கியிருக்கலாம். 10 மி.மீ. நீரளவுப் பிழை 6 கிலோபாஸ்கலில் ஓட்டத்தை 0.8 சதவீதம்தான் மாற்றும், 1.5 கிலோபாஸ்கலில் 3 சதவீதத்தைத் தாண்டும்.

பிற்சேர்க்கை: சில டிரான்ஸ்மிட்டர்கள் தாமே வர்க்கமூலம் எடுத்துவிடும். அது தெரியாமல் நீங்களும் எடுத்தால் கணக்கு கெடும். பாதி ஓட்டத்தில் 4–20 மில்லியாம்பியர் வெளியீடு 8-ஐ ஒட்டி வந்தால் எடுக்கவில்லை, 12-ஐ ஒட்டி வந்தால் எடுத்துவிட்டது.