பழைய மேனேஜரிடம் ரெஃபரன்ஸ் லெட்டர் கேட்பதில் நேரும் தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு பஸ் ஏறிப் போய், ஒரு வார்ப்படக் கம்பெனியில் 3 வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கோயம்புத்தூரில் வேலை தேடுகிறார். பழைய மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில், "சார், ஒரு ரெஃபரன்ஸ் லெட்டர் வேணும், நாளைக்குள்ள கிடைக்குமா?" என்று அனுப்புகிறார். மேனேஜருக்கு இவரைப் பிடிக்கும். ஆனாலும் பதில் வராது. யாருக்கு எழுதுவது, எந்த வேலைக்கு, எந்த வருஷம் சேர்ந்தார் என்று எல்லாவற்றையும் அவரே தோண்டி எடுக்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தது அப்படியே மறந்துபோகும்.

கேட்பதற்கு முன்னால், தேவைப்படுவது இதுதானா என்று பாருங்கள். வேலை பார்த்த தேதியும் பதவியும் போதுமென்றால் அது அனுபவச் சான்றிதழ், ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டியது. வேலை எப்படிச் செய்தீர்கள் என்று சொல்வதற்குத்தான் மேனேஜர். லெட்டர்ஹெட்டில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பல கம்பெனிகளில் மேனேஜர் தன்னிஷ்டத்துக்கு அதைப் பயன்படுத்த முடியாது. அன்றைக்கு வகித்த பதவியைக் குறிப்பிட்டுத் தன் பெயரில் எழுதினால் போதுமா என்று புதிய இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் போனில் பேசுங்கள். தமிழ் சரளமாகப் பேசும் மலையாளி மேனேஜருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராமல் இருக்கலாம். "சார், கோயம்புத்தூர்ல ஒரு வேலைக்குப் போட்டிருக்கேன். என் வேலையைப் பத்தி நீங்க ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா? இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. தோதுப்படலைன்னா சொல்லுங்க சார், வேற ஆள்கிட்ட கேட்டுக்கறேன்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுக்க வழியில்லாமல் ஒப்புக்கொள்பவர் எழுதும் கடிதம் உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும். ஓணம் வாரத்திலும் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களிலும் கேட்க வேண்டாம்.

சரி என்றால், அன்றே ஆங்கிலத்தில் ஒரே மெயில் அனுப்புங்கள். கடைசித் தேதி, யார் பெயருக்கு, எப்படி அனுப்புவது, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி. கூடவே வேலை விளம்பரமும் பயோடேட்டாவும். மிக முக்கியமானது, அவர் நேரில் பார்த்த இரண்டு மூன்று விஷயங்கள். "கடினமாக உழைத்தேன்" என்று எழுதினால் அவருக்கு எதுவும் ஞாபகம் வராது. "வால்வு பாடியில் காற்றுக்குமிழி விழுந்து திரும்பி வந்தபோது, அச்சு மணலின் ஈரத்தை ஷிஃப்டுக்கு ஒருமுறை அளந்து பதிவு செய்ய ஆரம்பித்தேன்" என்று எழுதினால் அந்த நாட்கள் கண்முன் வரும், கடிதமும் தானாக வரும்.

முழுக் கடிதத்தையும் நீங்களே எழுதி, கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று நீட்டாதீர்கள். "மாதிரி எழுதி அனுப்பு" என்று அவரே சொன்னால் மட்டும் அனுப்புங்கள். அதிலும் நடந்ததை எழுதுங்கள், புகழ்ச்சியை அவரிடம் விட்டுவிடுங்கள்.

கடைசித் தேதிக்கு 4 நாள் இருக்கும்போது ஒரேயொரு நினைவூட்டல். கடிதத்தைப் பதிவேற்ற புதிய கம்பெனி அவருக்கே மெயிலில் லிங்க் அனுப்புமென்றால், ஸ்பேம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் நம்பரைக் கொடுப்பதற்கு முன், எந்த நம்பர், எந்த நேரம் என்று அவரிடமே கேளுங்கள். சொல்லாமல் கொடுத்தால், அந்த அழைப்பு வரும் நேரம் அவர் ஃபர்னஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம்.