ஆங்கிள் பேன்ட்: நீளத்திலும் ஷூ உயரத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணுக்காலுக்குச் சற்று மேலே முடியும் ஆங்கிள் பேன்ட்டை அலுவலகத்துக்கு வாங்குகிறவர்களில் பலர் முதலில் கேட்கும் கேள்வி, "இதை ஹீல்ஸோடு போடப் போகிறேன், எவ்வளவு நீளம் வைக்கட்டும்?" என்பது. தரையைத் தொட்டு நிற்கும் முழுநீளப் பேன்ட்டுக்கு அது சரியான கேள்வி. அங்கே ஹீல் அரை இன்ச் மாறினாலும் விளிம்பு தரையில் இழுபடும், அல்லது தூக்கிக்கொண்டு நிற்கும். ஆங்கிள் பேன்ட்டின் கதை வேறு. பேன்ட் இடுப்பிலிருந்து தொங்குகிறது. ஹீல்ஸ் போட்டால் இடுப்பு, கணுக்கால் எலும்பு, பேன்ட்டின் விளிம்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே மேலே போகும். தட்டையான செருப்பில் எலும்புக்கு ஒரு இன்ச் மேலே நின்ற விளிம்பு, இரண்டு இன்ச் ஹீலிலும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். நீளத்தைக் காலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "ஹீல்ஸ் போடுவேன்" என்று இரண்டு இன்ச் கூடுதலாக வைத்துத் தைப்பவர்களுக்கு, விளிம்பு எலும்பின்மேலேயே வந்து சுருண்டு உட்கார்ந்துகொள்கிறது.

விளிம்பு எங்கே நிற்க வேண்டும்? காலின் வெளிப்பக்கம் கணுக்கால் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு மேலே ஒன்று முதல் இரண்டு இன்ச் வரையுள்ள பகுதிதான் காலிலேயே ஒல்லியான இடம். விளிம்பு அங்கே முடிந்தால் கால் நீளமாகவும் உடை முடிந்த இடம் தெளிவாகவும் தெரியும். எலும்பின் நடுவில் முடிந்தால், முழுநீளப் பேன்ட் சலவையில் சுருங்கிப்போன மாதிரி இருக்கும். இன்னும் மேலே போய், ஆடுசதை விரியத் தொடங்கும் இடத்தில் முடிந்தால் கால் கட்டையாகவும் தடிமனாகவும் தெரியும். பார்க்கிறவர் கண் விளிம்புக் கோட்டில்தான் நிற்கிறது. அந்தக் கோடு காலின் எந்த அகலத்தில் விழுகிறதோ, கால் முழுதும் அந்த அகலம்தான் என்று தோன்றிவிடும்.

லேபிளில் 'ஆங்கிள் லென்த்' என்று இருப்பதை நம்புவது அடுத்த தவறு. ரெடிமேடில் இந்த வகைப் பேன்ட்டுகளுக்கு உள்கால் நீளம், அதாவது தொடைத் தையல்கள் கூடும் இடத்திலிருந்து கீழ்விளிம்பு வரை, 27 இன்ச் அளவில் வைப்பது சகஜம். உயரமான பெண்ணுக்கு அது கணுக்காலுக்கு மேலே நிற்கும். 5 அடி 2 இன்ச் உயரமுள்ள ஒருவருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவருக்குத் தொடை இடுக்கிலிருந்து தரைவரை 28.5 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். வெளிக் கணுக்கால் எலும்பின் மையம் தரையிலிருந்து 2.5 இன்ச். விளிம்பு அதற்கு ஒரு இன்ச் மேலே, அதாவது தரையிலிருந்து 3.5 இன்ச்சில் நிற்க வேண்டும். பேன்ட்டின் தொடைத் தையல் உடம்பை ஒட்டி இருக்காது, அரை இன்ச்சாவது கீழே தொங்கும். ஆக 28.5-இல் 3.5-ஐயும் அரையையும் கழித்தால் 24.5 இன்ச். கடையில் வாங்கிய 27 இன்ச் பேன்ட் அவருக்குத் தரையிலிருந்து ஒரு இன்ச் மேலே தொங்கும். அது அவருக்கு ஆங்கிள் பேன்ட்டே இல்லை. 2.5 இன்ச் குறைத்தாக வேண்டும்.

அளவு எடுக்கும் விதத்திலும் நிறையப் பிசகுகிறது. கண்ணாடி முன் நின்று, குனிந்து பார்த்துத் தாங்களே குண்டூசி குத்துகிறார்கள். குனிந்ததுமே பின்பக்கத் துணி மேலே ஏறிவிடும், குத்திய அளவும் அத்தோடு கெட்டுப்போகும். நேராக நின்று முன்னால் பார்த்தபடி இருக்க, வேறொருவர் குத்துவதே சரி. ஆளில்லை என்றால் தோராயமாக மடித்துக் குத்திவிட்டு, போனைத் தரையளவில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சட்டையை உள்ளே விட்டு அணிபவரானால் விட்டபடியே, பெல்ட் போடுபவரானால் போட்டபடியே அளவெடுக்க வேண்டும். இடுப்பு தளர்வாக இருக்கும் பேன்ட் மதியத்துக்குள் அரை இன்ச் இறங்கிவிடும் என்பதால், அப்படிப்பட்ட பேன்ட்டில் முதலில் இடுப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள், பிறகு நீளத்துக்கு வாருங்கள். இரண்டு கால்களிலும் தனித்தனியே குத்திப் பார்ப்பதும் அவசியம். இரு கால்களுக்கும் கால் இன்ச் வித்தியாசம் இருப்பது அபூர்வம் இல்லை. முழுநீளத்தில் மறைந்துவிடும் அந்த வித்தியாசம் கணுக்கால் அருகே பளிச்சென்று தெரியும்.

இதற்கெல்லாம் முன்னால், துணியை ஒருமுறை நீங்கள் வழக்கமாகத் துவைக்கும் முறையிலேயே துவைத்துக் காயவைக்க வேண்டும். காட்டனும் லினனும் முதல் சலவையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு சுருங்கக்கூடியவை. 25 இன்ச் நீளத்தில் அது முக்கால் இன்ச் வரை போகும். எலும்புக்கு ஒரு இன்ச் மேலே இருந்த விளிம்பு கிட்டத்தட்ட இரண்டு இன்ச் மேலே போய்விடும். பாலியஸ்டர் கலந்த துணி அவ்வளவாகச் சுருங்காது.

நின்று மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்வதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அலுவலகத்தில் பாதி நாளுக்கு மேல் உட்கார்ந்துதான் இருக்கிறோம். முட்டியும் இடுப்பும் மடங்கும்போது துணி மேலே இழுபட்டு, விளிம்பு ஒன்றரை முதல் இரண்டரை இன்ச் ஏறும். நிற்கும்போதே எலும்புக்கு மூன்று இன்ச் மேலே இருந்தால், உட்கார்ந்ததும் அது ஆடுசதை வரை போய் மாட்டிக்கொள்ளும். எழுந்தாலும் இறங்காது, கையால் இழுத்துவிட வேண்டியிருக்கும். இறுக்கமான கால் உள்ள பேன்ட்டில் இது இன்னும் மோசம். குண்டூசி குத்திய நிலையிலேயே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை மறுகால்மேல் போட்டு, எழுந்து பாருங்கள். விளிம்பு தானாக இறங்கி வர வேண்டும்.

இனி தையல்காரரிடம் சொல்ல வேண்டியவை. ஆங்கிள் பேன்ட்டின் கால் முட்டியிலிருந்து கீழே குறுகிக்கொண்டே வரும். கீழே வெட்டினால் மிகக் குறுகிய பகுதிதான் போகிறது, மிச்சமிருக்கும் பாட்டம், அதாவது கீழ்விளிம்பின் சுற்றளவு, அகலமாகிவிடும். மேலே பார்த்த பேன்ட்டுக்கு முட்டிச் சுற்றளவு 16 இன்ச், பாட்டம் 12 இன்ச், இடையிலுள்ள நீளம் 13.5 இன்ச் என்று கொள்வோம். ஒவ்வொரு இன்ச்சுக்கும் சுமார் 0.3 இன்ச் குறுகுகிறது. 2.5 இன்ச் வெட்டினால் பாட்டம் முக்கால் இன்ச் கூடி 12.75 ஆகிறது. கண்ணாடியில் ஏதோ சரியில்லை என்று தோன்றும், ஆனால் காரணம் பிடிபடாது. "நீளத்தைக் குறைத்துவிட்டு, முட்டியிலிருந்து பிடித்துப் பாட்டத்தை மறுபடி 12-க்குக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். உள்பக்கத் தையல், வெளிப்பக்கத் தையல் இரண்டிலும் சமமாகப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால், நடுவே அயர்ன் செய்த மடிப்புக் கோடு கோணிக்கொண்டு போகும். துணியில் ஸ்ட்ரெச் இல்லாவிட்டால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குதிகாலின் பின்முனையையும் மேல்பாதத்தையும் சேர்த்து டேப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். பாட்டம் அந்த அளவைவிடச் சிறிதாகிவிட்டால் பாதம் நுழையாது.

உள்ளே மடிக்கும் துணியிலும் இதே பிரச்சினை உண்டு. குறுகி வரும் காலை நேராக வெட்டி அப்படியே உள்ளே மடித்தால், மடித்த பகுதி சிறிதாகவும் அது ஒட்ட வேண்டிய இடம் பெரிதாகவும் இருக்கும். இழுத்துப் பிடித்துத் தைப்பார்கள், வெளியே சிறுசிறு சுருக்கம் விழும். மடிக்கும் பகுதியின் பக்கத் தையலைக் கொஞ்சம் பிரித்து விரித்துவிட்டால் அது படிந்து உட்காரும். ஒன்றரை இன்ச் துணியை உள்ளே விடச் சொல்லுங்கள். அந்தக் கனத்தில்தான் விளிம்பு நேராகத் தொங்கும், பின்னால் இறக்கவும் வழி இருக்கும். ஜீன்ஸுக்குப் போடுவது போல மெஷின் தையல் வெளியே தெரியக் கூடாது. கை ஹெம்மிங்தான் ஃபார்மலுக்கு. பக்கத்தில் சிறிய வெட்டு உள்ள மாடலானால், நீளம் குறைக்கும்போது அந்த வெட்டும் போய்விடும், புதிதாக வைத்துத் தரும்படி சொல்ல வேண்டும். முழுநீளப் பேன்ட் பழக்கத்தில் சிலர் பின்பக்கத்தை அரை இன்ச் தாழ்த்தி வெட்டுவார்கள். அது ஷூவின் குதியை மறைப்பதற்கான வெட்டு. ஆங்கிளுக்கு விளிம்பு தரைக்கு இணையாகவே இருக்கட்டும்.

இப்போது ஷூ. ஹீல் எத்தனை இன்ச் என்பதைவிட, ஷூவின் மேல்விளிம்பு காலில் எதுவரை ஏறி வருகிறது என்பதுதான் ஆங்கிள் பேன்ட்டுக்கு முக்கியம். பேன்ட்டின் விளிம்புக்கும் ஷூவின் மேல்விளிம்புக்கும் நடுவே, முன்பக்கத்தில் குறைந்தது இரண்டு விரற்கடை கால் தெரிய வேண்டும். விரலடியிலேயே முடியும் பம்ப்ஸும் பெல்லியும் இதைச் சுலபமாகத் தரும். லோஃபரில் முன் நாக்கு கணுக்கால் மடிப்பு வரை ஏறும். எலும்புக்கு ஒரு இன்ச் மேலே நிற்கும் பேன்ட்டோடு அதைப் போட்டால், நடுவே அரை இன்ச் கீற்று மட்டும் தெரிந்து இரண்டும் மோதுகிற மாதிரி இருக்கும். லோஃபர்தான் உங்கள் தினசரி ஷூ என்றால் விளிம்பை இன்னும் ஒரு இன்ச் ஏற்றித் தைக்கலாம், அல்லது நாக்குத் தாழ்வாக உள்ள லோஃபராகப் பார்த்து வாங்கலாம். ஷூவுக்கு வெளியே எட்டிப்பார்க்காத அடிப்பாத சாக்ஸ் போடுங்கள். பாதி தெரியும் சாக்ஸ் மூன்றாவதாக ஒரு கோட்டை இழுத்துவிடும்.

கணுக்காலைச் சுற்றி வார் உள்ள ஹீல்ஸ் ஆங்கிள் பேன்ட்டுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. விளிம்புக்குக் கீழே ஒரே இன்ச்சில் இன்னொரு குறுக்குக்கோடு விழுந்து, தெரிய வேண்டிய ஒல்லியான இடத்தையே மூடிவிடும். வார் வேண்டுமானால் குதிக்குப் பின்னால் தாழ்வாக ஓடும் வகை நல்லது.

ஹீல் உயரத்தைப் பாட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். 11, 12 இன்ச் பாட்டத்துக்குத் தட்டை ஷூவே போதும். 15, 16 இன்ச் அகலமான பாட்டத்தில் தட்டை ஷூ துணிக்கடியில் காணாமல் போய், உருவமே தரையில் அழுத்தி வைத்தது போலத் தெரியும். அங்கே ஒன்றரை முதல் இரண்டரை இன்ச் பிளாக் ஹீல் தேவைப்படும். பிளாட்ஃபார்ம் உள்ள ஷூவில் முன்பக்கக் கனத்தைக் கழித்துப் பாருங்கள். மூன்று இன்ச் ஹீலும் ஒரு இன்ச் பிளாட்ஃபார்மும் என்றால் பாதம் சரிவது இரண்டு இன்ச்தான். நாள் முழுக்க நிற்கும் வேலையில் இந்த வித்தியாசம் குதிகாலுக்குத் தெரியும்.

ஏற்கெனவே குட்டையாகத் தைத்துவிட்ட பேன்ட் இருந்தால், உள்ளே ஒன்றரை இன்ச் துணி விட்டிருக்கும்பட்சத்தில் ஒரு இன்ச் வரை இறக்கிக்கொள்ளலாம். முழுவதையும் இறக்க வேண்டுமானால் உள்ளே மெல்லிய துணிப்பட்டி ஒன்றை இணைத்துத் தைக்க வேண்டும். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, முதலில் உள்பக்கம் ஓர் ஓரத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தக் கோட்டில் தடவி ஈரத்துணி போட்டு அயர்ன் செய்தால் காட்டனிலும் கம்பளியிலும் பெரும்பாலும் மங்கிவிடும். பாலியஸ்டரில் சூட்டில் படிந்த மடிப்பு அவ்வளவு எளிதில் போகாது. பல மாதம் போட்டுத் துவைத்த அடர்நிறப் பேன்ட்டானால் கோட்டில் சாயமே வெளுத்திருக்கும், அதை எதனாலும் எடுக்க முடியாது.