சிப்பிக்காளான் படுக்கை அழுகுவது ஏன்?

வைக்கோலும் காளான் விதையும் பையில் அடுக்கிய முதல் படுக்கை அழுகிவிட்டால் எல்லோரும் விதையைத்தான் திட்டுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் ஈரக்காற்றில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை.

வைக்கோல் வாங்கும்போதே கவனம் தேவை. கும்பப்பூ நெல் பருவத்தின் அறுவடைக்குப் பின் நல்ல வெயிலில் காய்ந்த, பொன்னிற வைக்கோலே ஏற்றது. கன்னிப்பூ பருவத்து வைக்கோல் பல ஆண்டுகளில் மழையில் நனைந்து படப்பிலேயே கறுத்துப்போகும். விலை குறைவு என்று அதை வாங்க வேண்டாம். அதில் ஏற்கெனவே குடியேறிய பூஞ்சை, வேகவைத்த பிறகும் மிச்சமிருந்து முளைக்கும்.

ஒரு கிலோ காய்ந்த வைக்கோலை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். வடிந்ததும் பையில் திணித்துவிடுகிறார்கள். சுத்தமான விரிப்பில் நிழலில் பரப்பி, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். உள்ளங்கை ஈரமாகலாம், சொட்டு விழக்கூடாது. கையை நம்பாதவர்கள் எடை போடலாம்: அந்த ஒரு கிலோ இப்போது ஏறக்குறைய இரண்டரை கிலோ இருக்க வேண்டும். மூன்றைத் தாண்டினால் இன்னும் உலர்த்துங்கள். சூடும் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான வைக்கோலில் விதை செத்துவிடும்.

இந்த அளவு இரண்டு படுக்கைகளுக்குப் போதும், ஒரு பாக்கெட் விதையும் போதும். வைக்கோல், விதை என மாற்றி மாற்றி அடுக்கி, பையின் நடுப்பகுதியில் சிறு துளைகள் இட்டு இருட்டறையில் தொங்கவிட்டால், 15 முதல் 20 நாட்களில் பை முழுவதும் வெண்மையாகும். மேலே வெள்ளை படர்ந்து, அடியில் மட்டும் பழுப்பாக நின்று புளித்த வாடை வந்தால் நீர் தேங்கியிருக்கிறது. அடியில் ஊசித்துளை இட்டு வடியவிடுங்கள். பச்சைத் திட்டு தெரிந்தால் பையைத் திறக்காமலே வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள்.

பையைக் கிழித்து வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்துக்கு மாற்றியதும், ஆர்வக்கோளாறில் மொட்டின் மேலேயே தண்ணீர் அடிப்பது அடுத்த தவறு. மொட்டுகள் மஞ்சளாகி அழுகும். தரையையும் சுற்றித் தொங்கும் சாக்கையும் நனைத்தால் காற்று ஈரமாகும். படுக்கைக்குப் பனிபோன்ற தூவல் மட்டும் போதும். மழை விடாது பெய்யும் நாளில் அதுவும் வேண்டாம். ஆனால் ஈரம் போகுமே என்று ஜன்னலை மூடிவிடாதீர்கள்: காற்றோட்டம் குறைந்தால் காம்பு நீண்டு, குடை சிறுத்துவிடும்.

குடையின் விளிம்பு மேல்நோக்கிச் சுருளும் முன்பே, கொத்தாகத் திருகிப் பறிக்க வேண்டும். பிந்தினால் வித்துத்தூள் கொட்டி இருமல் வரும். பறிப்பதற்குச் சற்று முன்பும் தண்ணீர் தெளிக்காதீர்கள், நனைந்த காளான் பொழுது சாய்வதற்குள் கொழகொழத்துவிடும். அடிக்கட்டையைச் சுரண்டிவிட்டு அதே படுக்கையை ஈரமாக வைத்தால், இன்னும் இரண்டு முறை பறிக்கலாம்.