சீனி போடாத பிளேன்டீ இதயத்துக்குக் கேடா? கொப்பியில் ஒரு கணக்கு

உணவுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு என்று செய்தி வந்தால் சதுரக் கோட்டுக் கொப்பியையும் பென்சிலையும் எடுங்கள். எக்செல் எனக்குப் பிடிக்காது. அதில் விடை வரும், காரணம் விளங்காது.

முதற்படி: அந்த உணவை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தார்களா, மக்கள் தாமாகச் சாப்பிட்டதைப் பார்த்து எழுதினார்களா? இரண்டாவது என்றால் தொடருங்கள்.

இரண்டாம் படி: கட்டம் போடுங்கள். இது கற்பனைக் கணக்கு. ஒரு தோட்டத்தில் சீனி போடாமல் பிளேன்டீ குடிக்கும் 100 பேரில் 17 பேருக்கு இதய நோய். சீனி போட்டுக் குடிக்கும் 100 பேரில் 8 பேருக்குத்தான். அப்படியானால் சீனி இதயத்தைக் காக்கிறதா?

மூன்றாம் படி: இரு பக்கத்தையும் வேறு யார் யார் நிரப்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கிளினிக்கில் சீனி வருத்தம் என்று சொன்ன பிறகுதான் பலர் சீனியை விடுகிறார்கள். சீனி போடாத 100 பேரில் 80 பேர் அப்படிப்பட்டவர்கள். அவர்களில் 16 பேருக்கு இதய நோய். மற்றப் பக்கத்தில் சீனி வருத்தக்காரர் 20 பேர். அவர்களில் 4 பேருக்கு. இரண்டும் நூற்றுக்கு 20. வருத்தம் இல்லாதவர்களில் 20க்கு 1, 80க்கு 4. இரண்டும் நூற்றுக்கு 5. பிரித்ததும் வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

பின்சேர்க்கை: "அப்படியானால் எதைக் கண்டாலும் பிரிக்கலாமா?" என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கூடாது. எது முன், எது பின் என்று பார்க்க வேண்டும். இங்கே வருத்தம் முதலில் வந்தது, சீனியை விட்டது பிறகு. உப்பை ஆராயும்போது இரத்த அழுத்தத்தால் பிரித்தால் கதை வேறு. உப்பு இதயத்தைத் தாக்கும் முக்கிய வழியே அந்த அழுத்தம்தான். அதை வைத்துப் பிரித்தால் உண்மையான பாதிப்பையே பெரும்பாலும் அழித்துவிடுவீர்கள். அதுபோல, பல ஆண்டு சீனித் தேநீர் என்ன செய்கிறது என்பதற்கும் மேலுள்ள கட்டத்தில் பதில் இல்லை.

நான்காம் படி: அளக்காததைப் பிரிக்க முடியாது. 1993இல் வெளியான அமெரிக்கத் தாதியர் ஆய்வில் 87,000க்கும் அதிகமான பெண்கள் இருந்தார்கள். விற்றமின் ஈ அதிகம் எடுத்தவர்களிடம் இதய நோய் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. புகைத்தல், வயது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். 2000இல் வெளியான ஹோப் ஆய்வு, இதய நோய் அபாயம் கூடிய சுமார் 9,500 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு விற்றமினும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தது. நாலரை ஆண்டுகளில் பலன் எதுவும் தெரியவில்லை. மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் வேறு பல வகையிலும் உடம்பைக் கவனிப்பவர்களாக இருந்திருக்கலாம். எந்த வினாத்தாளும் அதை முழுதாக அளப்பதில்லை.

கடைசிப் படி: செய்தியை எழுதும்போது "குறைக்கிறது" என்பதை அடித்துவிட்டு, "எடுத்தவர்களிடம் குறைவாகக் காணப்பட்டது" என்று எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே குலுக்கல் ஆய்வு நடந்ததா இல்லையா என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.