கை அசைவுக் குறியை ஒரு சொல் முன்னால் போடுங்கள்

பேச்சை எழுதிவைத்துப் பழகுகிறவர்கள், கை அசைவுக்கான குறியை அழுத்திச் சொல்லும் சொல்லின் மேல் போடாமல், அதற்கு முந்தைய சொல்லின் மேல் போடுங்கள். கை கீழேயிருந்து மார்பு உயரத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சாதாரணப் பேச்சிலும் நம் கை சொல்லுக்குச் சற்று முன்பே கிளம்பிவிடுகிறது. சொல் முடிந்தபின் கை எழுந்தால், மனப்பாடம் செய்தது அப்பட்டமாகத் தெரியும்.

வியாசர்பாடித் தெருமுனைக் கூட்டம் ஒன்றுக்கான வரி என்று வைத்துக்கொள்வோம்: "ஒரு குடம் தண்ணிக்கு / எங்கம்மா மூணு தெரு நடந்தாங்க ○". அழுத்தம் 'மூணு'வில். அதனால் கை அசைவுக் குறி 'எங்கம்மா'வின் மேல் வரும்; சாய்கோட்டைத் தாண்டி அந்தச் சொல்லைச் சொல்லும்போதே கை எழும். 'மூணு' வரும்போது மூன்று விரல் நிற்கும். வட்டம் வந்தால் கையை இறக்க வேண்டும். பலர் இந்த வட்டத்தைப் போடுவதில்லை, அதனால்தான் கை அடுத்த வரியிலும் அந்தரத்தில் தொங்குகிறது.

நடப்பதற்கான அம்புக்குறியைப் பத்திகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் மட்டும் போடுங்கள். இரண்டு அடி நடந்து, நின்று, அப்புறம் பேச்சு. முக்கியமான வரியை நடந்தபடி சொன்னால் கூட்டத்தின் கண் காலுக்குப் போய்விடும்.

ஸ்டாண்டு மைக் என்றால் அம்புக்குறிகளை அடித்துவிடுங்கள். நகர்ந்தால் குரல் விழுந்துவிடும். தாளைக் கையில் பிடித்துப் படிப்பதானால் ஒரு கை அசைவுகள் மட்டுமே சரிவரும்.