தைப்பனியில் நெல் காவல்: ரஜாயைக் கீழே விரிக்காதீர்கள்

சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ராத்திரிக் காவலுக்குப் படுப்பவர்கள் பலர், ரஜாயைக் கீழே மெத்தையாக விரித்துக் கனமான ஜமுக்காளத்தை மேலே போர்த்துகிறார்கள். விடியற்காலை முதுகில் குளிர் ஏறுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

உடம்புச் சூட்டைக் காப்பது துணியல்ல, பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. பஞ்சு இழையைவிடக் காற்றின் வழியே சூடு மிக மெதுவாகத்தான் கடக்கும். அந்தக் காற்றை ஓடவிடாமல் இடுக்குகளில் நிறுத்தி வைப்பதே இழையின் வேலை. அதனால் கனத்தைப் பார்க்கக் கூடாது, உப்பலைப் பார்க்க வேண்டும். ஜமுக்காளம் கனம்தான், ஆனால் நெருக்கி நெய்தது. காற்றுக்கு அதில் இடம் குறைவு.

உதறிப் போட்ட ரஜாய் 4 செ.மீ. உயரம் நிற்கிறது என்று வையுங்கள். அதன்மேல் படுத்தால் இடுப்பு, தோள்பட்டைக்குக் கீழே 1 செ.மீ. ஆகிவிடும். உயரம் கால்வாசியானால் அதன் வழியே போகும் சூடு ஏறத்தாழ நான்கு மடங்காகும். நசுங்காத ஒன்றைத்தான் கீழே போட வேண்டும், நம் ஊரில் அதற்கு வைக்கோல் இருக்கிறது. தரையில் ஒரு படுதா, அதன்மேல் காய்ந்த வைக்கோல் ஓர் அடி உயரம், அதற்கு மேல் ஜமுக்காளம். படுத்த பிறகும் மூன்று, நான்கு அங்குலம் மிஞ்ச வேண்டும். இடுப்பில் தரை தட்டினால் இன்னும் நாலு கை அள்ளிப் போடுங்கள். மிஷினில் அறுத்த வைக்கோல் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், கூடுதலாக வேண்டும்.

ரஜாய் மேலேதான், தளர்வாக. வாடை அடித்தால் அதன்மேல் ஒரு பழைய சேலை போதும். படுதாவை நேரடியாகப் போர்த்திக்கொள்வது அடுத்த தவறு: வியர்வை ஆவி அதன் அடியில் குளிர்ந்து நீராகி ரஜாயை நனைக்கும். தண்ணீர் காற்றைப்போல இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். பனிக்குப் படுதாவைக் கயிற்றில் கட்டி, ரஜாயைத் தொடாமல் இரண்டடி மேலே நிறுத்துங்கள்.

உடுப்பிலும் இதே கதைதான். ஸ்வெட்டரைப் போட்டு அதன்மேல் இறுக்கமான சட்டையை மாட்டினால் கம்பளி படிந்துபோகும், குளிரும். மேலே போடுவது ஒரு சுற்றுப் பெரியதாக இருக்கட்டும். கையை முன்னால் நீட்டும்போது முதுகில் பிடித்தால் இறுக்கம் என்று அர்த்தம். ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணிப்பவர்களுக்கு ரத்த ஓட்டமும் குறையும், விரல் இன்னும் சில்லிடும்.

வருஷம் முழுக்க டிரங்குப் பெட்டியில் அமுக்கி வைத்த ரஜாயை மார்கழிக்கு முன்பே எடுத்து இரண்டு நாள் வெயிலில் போட்டு, பிரம்பால் தட்டுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். அங்கங்கே வெளுத்துத் தெரிந்தால் அந்த இடத்தில் பஞ்சு விலகிவிட்டது. அதைத் தட்டிச் சரிசெய்ய முடியாது, பிரித்துப் பஞ்சை உதறி மறுபடி தைக்கத்தான் கொடுக்க வேண்டும்.